தொலைந்த பாலிசியும் இரண்டு கடிதங்களும்

எட்டாம் வகுப்பில் அலுவலகக் கடிதம் நடத்தும்போது அனுப்புநர், பெறுநர், பொருள், இப்படிக்கு என்று கட்டம் போட்டுக் கற்றுத் தருகிறோம். நூலகம் வேண்டி, தெருவிளக்கு வேண்டி எழுதச் சொல்கிறோம். என் சக ஆசிரியர் ஒருவருக்காகச் சென்ற ஆண்டு நான் எழுதிய கடிதம் ஒன்று, அந்தக் கட்டத்துக்குள் எதை எழுத வேண்டும் என்பதை எனக்கே கற்றுத் தந்தது. காப்பீட்டு நிறுவனத்திடம் தொலைந்துபோன தாள்களின் நகல் கேட்கும் கடிதம் அது.

அவர் எங்கள் பள்ளியின் அறிவியல் ஆசிரியர். நாங்கள் வேலை பார்ப்பது அலங்காநல்லூர்ப் பக்கம். அவர் வீடு மதுரை செல்லூரில். 2024 அக்டோபர் 25 அன்று பெய்த மழையை மதுரைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். செல்லூர்க் கண்மாய்ப் பகுதித் தெருக்களில் தண்ணீர் வீட்டுக்குள் ஏறியது. அவருடைய அம்மாவின் கட்டிலுக்கு அடியில் இருந்த தகரப் பெட்டியில் வீட்டின் எல்லாத் தாள்களும் இருந்தன. மறுநாள் பெட்டியைத் திறந்தபோது பாதி கூழாகியிருந்தது. கூழானவற்றில் அம்மாவின் பெயரில் எடுத்திருந்த மருத்துவக் காப்பீட்டுக் கோப்பும் ஒன்று. நம் அரசு ஊழியர் காப்பீட்டில் அம்மா சேரமாட்டார் என்பதால் 2021 மார்ச் 12 முதல் தனியாக மூன்று இலட்ச ரூபாய்க்கு ஒரு தனியார் நிறுவனத்தில் எடுத்து, ஆண்டுதோறும் புதுப்பித்து வந்தார்.

2025 ஜனவரியில் அம்மாவுக்குப் பித்தப்பைக் கல் அறுவைச் சிகிச்சை நடந்தது. பில் 96,000 ரூபாய். கையிலிருந்து கட்டிவிட்டு, திரும்பப் பெற விண்ணப்பித்தார். நிறுவனத்திலிருந்து ஒரு வினாக் கடிதம் வந்தது. மருத்துவமனையின் விடுவிப்புக் குறிப்பில் நோயாளிக்கு எட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருப்பதாக உள்ளது. பாலிசி எடுத்து நான்கு ஆண்டுகூட ஆகவில்லை. எடுக்கும்போது இதைத் தெரிவித்தீர்களா?

"சொன்னேன்னுதான் நினைக்கிறேன் டீச்சர். ஆனா ஃபார்மை ஏஜென்ட்தான் நிரப்பினாரு. நான் கையெழுத்து மட்டும் போட்டேன்" என்றார். நம்மில் பெரும்பாலோரின் நிலை இதுதான்.

பித்தப்பைக் கல்லுக்கும் சர்க்கரைக்கும் நேர்த் தொடர்பு இல்லையே, பிறகு ஏன் இந்தக் கேள்வி என்று தோன்றலாம். நோயை மறைத்தது உறுதியானால், எந்த நோய்க்கான கோரிக்கையானாலும் பாலிசியையே ஆட்சேபிக்க நிறுவனத்துக்கு இடமுண்டு. அதற்கு ஒரு கால எல்லை இருக்கிறது. மருத்துவக் காப்பீட்டில் தொடர்ந்து 60 மாதங்கள் பாலிசி ஓடிவிட்டால், மோசடி என்று நிரூபித்தால் தவிர, சொல்லாமல் விட்டதைக் காரணம் காட்ட முடியாது. 2024க்கு முன் இது எட்டு ஆண்டுகளாக இருந்தது. ஆயுள் காப்பீட்டில் 1938ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தின் 45ஆம் பிரிவு மூன்று ஆண்டு எல்லை வைக்கிறது. அம்மாவின் பாலிசிக்கு அப்போது 46 மாதங்களே ஆகியிருந்தன. ஆகவே 2021இல் நிரப்பிய அந்தப் படிவத்தில் என்ன எழுதப்பட்டிருந்தது என்பதில்தான் 96,000 ரூபாயும் நின்றது. அந்தப் படிவமோ பெட்டிக்குள் கூழாகக் கிடந்தது.

நான் தமிழாசிரியை என்பதால் கடிதம் எழுதும் வேலை என்னிடம் வந்தது. முதல் கடிதத்தை நான் எழுதிய அழகைச் சொல்கிறேன். "மழை வெள்ளத்தில் எங்கள் பாலிசி தொலைந்துவிட்டது, நகல் பாலிசி தந்து உதவுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்." ஒன்பது நாளில் பதில் வந்துவிட்டது. நடப்பு ஆண்டின் இரண்டு பக்க அட்டவணையும், நிறுவனம் அப்போது விற்றுக்கொண்டிருந்த திட்டத்தின் வண்ண விளம்பரத் தாளும் வந்தன. கேட்டதைக் கொடுத்துவிட்டார்கள். தவறு என்னுடையது.

பாலிசி என்று நாம் ஒரே சொல்லில் சொல்வது மூன்று தனித்தனித் தாள்கள். முதலாவது அட்டவணை: பெயர், காப்புத் தொகை, காலம், பிரீமியம் இருக்கும். இரண்டாவது விதிமுறைத் தொகுப்பு: எதற்குப் பணம் உண்டு, எதற்கு இல்லை, எந்த நோய்க்கு எத்தனை மாதம் காத்திருக்க வேண்டும், அறை வாடகைக்கு என்ன வரம்பு என்பதெல்லாம் அதில்தான் முப்பது நாற்பது பக்கத்துக்குப் பொடி எழுத்தில் இருக்கும். மூன்றாவது முன்மொழிவுப் படிவம், அதாவது புரோபோசல் ஃபார்ம்: இது நாம் அவர்களுக்குச் சொன்னது. முதல் இரண்டும் அவர்கள் நமக்குச் சொன்னவை. தகராறு வரும்போது ஒவ்வொன்றும் வேறு வேறு கேள்விக்குப் பதில் சொல்லும். நகல் பாலிசி என்று மட்டும் கேட்டால் பெரும்பாலும் அட்டவணைதான் வரும்.

இன்னொரு குழப்பமும் தீர்ந்தது. நகல் பாலிசி பெற முத்திரைத்தாளில் உறுதிமொழி எழுத வேண்டும், செய்தித்தாளில் விளம்பரம் தர வேண்டும் என்று ஓய்வறையில் ஆளுக்கொன்று சொன்னார்கள். அதெல்லாம் ஆயுள் காப்பீட்டுப் பத்திரத்துக்கு. எல்.ஐ.சி. பத்திரம் பணமதிப்புள்ள ஆவணம். அதை அடகு வைத்துக் கடன் வாங்கலாம், வேறொருவருக்கு மாற்றி எழுதிக் கொடுக்கலாம். ஆகவே இரண்டாவது பத்திரம் தருமுன், முதல் பத்திரத்தால் பின்னாளில் நட்டம் வந்தால் நான் பொறுப்பு என்று ஈட்டுறுதிப் பத்திரம் வாங்குவார்கள். பாலிசியைப் பராமரிக்கும் கிளையில் அதற்கான படிவம் கிடைக்கும். அங்கே போகுமுன் அந்தப் பாலிசியின்மேல் கடன் வாங்கியிருக்கிறோமா என்று நினைத்துப் பார்ப்பது நல்லது. வாங்கியிருந்தால் பத்திரம் தொலையவில்லை, அவர்களிடமே இருக்கும். நனைந்தோ கரையான் அரித்தோ பாதி மிஞ்சியிருந்தால் அந்தத் துண்டை எறிந்துவிடக் கூடாது. இழப்புக்கு அதுவே சான்று; விண்ணப்பத்தோடு ஒப்படைக்கலாம்.

மருத்துவக் காப்பீட்டின் விதிமுறைத் தொகுப்புக்கும் முன்மொழிவுப் படிவத்துக்கும் இவை எதுவும் வேண்டியதில்லை. விதிமுறை ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவான பொது ஆவணம். படிவத்தின் நகலோ பாலிசிதாரருக்கு இலவசமாகத் தரப்பட வேண்டியது என்று, அந்தப் பாலிசி எடுத்தபோது நடப்பிலிருந்த 2017ஆம் ஆண்டின் பாலிசிதாரர் நலப் பாதுகாப்பு ஒழுங்குமுறையே சொல்கிறது. ஆக, நாம் கேட்பது சலுகை அல்ல. கடிதத்தில் கெஞ்சல் தேவையில்லை, துல்லியம் தேவை.

துல்லியத்தில் முதல் சிக்கல் ஆண்டு. பாலிசி நான்கு முறை வந்திருக்கிறது, எந்த ஆண்டினதைக் கேட்பது? படிவம் முதல் ஆண்டினது வேண்டும், ஏனென்றால் நோய் விவரம் சொன்னது அப்போதுதான். விதிமுறையோ சிகிச்சை நடந்த நாளில் நடப்பில் இருந்தது வேண்டும். எங்கள் கதையில் அது 2024 மார்ச்சில் புதுப்பித்த பாலிசியின் விதிமுறை. திட்டத்தின் பெயர் மாறாமலேயே உள்ளே விதிகள் மாறியிருக்கும். அதைக் கண்டுபிடிக்க வழி உண்டு. ஒவ்வொரு திட்டத்துக்கும் யு.ஐ.என். என்ற அடையாள எண் அட்டவணையின் அடியிலோ தலைப்பிலோ அச்சாகியிருக்கும். அந்த நீண்ட எண்ணின் இறுதியில் V என்ற எழுத்துக்குப் பின் பதிப்பு எண்ணும் நிதியாண்டும் வரும். அட்டவணையில் உள்ள எண்ணும் அனுப்பிய விதிமுறைப் புத்தகத்தில் உள்ள எண்ணும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தால் சரியான பதிப்பு. வேறாக இருந்தால் அது நம்முடையது அல்ல. எங்களுக்கு வந்த விளம்பரத் தாளில் இருந்த எண் வேறு.

இடையில் நிறுவனம் மாறியவர்கள், மாறியபோது புது நிறுவனத்திடம் தந்த படிவத்தையும் சேர்த்துக் கேட்க வேண்டும். அங்கேயும் நோய் விவரம் மறுபடி எழுதியிருப்பார்கள்.

அட்டவணையும் இல்லாமல் எல்லாமே போய்விட்டால் பாலிசி எண்ணுக்கு எங்கே போவது என்ற கேள்வி அந்த ஆசிரியருக்கும் முதலில் வந்தது. விடை எங்கள் பள்ளி அலுவலகத்திலேயே இருந்தது. பிப்ரவரியில் வருமான வரிக் கணக்குக் கொடுக்கும்போது 80டி கழிவுக்காகப் பிரீமிய ரசீதின் நகலை இணைக்கிறோம் அல்லவா? எழுத்தர் கோப்பைத் திறந்ததும் மூன்று ஆண்டு ரசீது கிடைத்தது, எண்ணோடு. சம்பளத்தில் எல்.ஐ.சி. பிடித்தம் உள்ளவர்களுக்குப் பிடித்தப் பட்டியலிலேயே பாலிசி எண் இருக்கும். வங்கிக் கணக்குப் புத்தகத்தில் பிரீமியம் கழிந்த வரியும், பழைய குறுஞ்செய்தியும் உதவும்.

இனி இரண்டாவது கடிதம். தமிழிலேயே எழுதினோம். குறைதீர் அலுவலரின் மின்னஞ்சலுக்கு அனுப்பிவிட்டு, அதே கடிதத்தை மதுரைக் கிளையில் நேரில் கொடுத்து நகலில் முத்திரையும் தேதியும் வாங்கினோம். முகவரிப் பகுதியை விட்டுவிட்டு நடுப்பகுதியை அப்படியே தருகிறேன்.

"பொருள்: முன்மொழிவுப் படிவம், விதிமுறைத் தொகுப்பு ஆகியவற்றின் நகல் வேண்டுதல் – பாலிசி எண் (…), கோரிக்கை எண் (…).

மேற்கண்ட பாலிசி 12.03.2021 முதல் தொடர்ச்சியாக நடப்பில் உள்ளது. பாலிசிதாரர் நான், காப்புப் பெற்றவர் என் தாயார். தாங்கள் எனக்கு முன்பு அளித்த ஆவணங்கள் 25.10.2024 அன்று வீட்டுக்குள் புகுந்த மழைநீரில் அழிந்துவிட்டன. ஆகவே பின்வருவனவற்றின் நகல்களை அனுப்பக் கோருகிறேன்.

12.03.2021இல் தொடங்கிய பாலிசிக்காக நான் கையெழுத்திட்ட முன்மொழிவுப் படிவம், எல்லாப் பக்கங்களும், இணைப்புகளும், அதனுடன் பெறப்பட்ட மருத்துவப் பரிசோதனை அறிக்கை இருப்பின் அதுவும். இணையவழி அல்லது தொலைபேசி வழியாக விவரம் பெறப்பட்டிருப்பின் அப்பதிவு.

மார்ச் 2024இல் புதுப்பிக்கப்பட்ட பாலிசியின் அட்டவணை, அதில் குறிப்பிட்டுள்ள யு.ஐ.என்.னுக்கு உரிய முழு விதிமுறைத் தொகுப்பு, மேலெழுத்துகள் இருப்பின் அவையும். விளம்பரத் தாளோ சுருக்கமோ இதற்கு ஈடாகாது.

தங்களின் வினாக் கடிதத்துக்கு நான் பதிலளிக்க இந்நகல்கள் தேவை. இவை கிடைக்கும்வரை என் கோரிக்கையை முடித்துவிட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன். இவற்றுள் எதுவும் தங்கள் பதிவில் இல்லையெனில் அதையும் எழுத்தில் தெரிவிக்கவும்."

இதில் இரண்டு வாக்கியங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். "தாங்கள் எனக்கு முன்பு அளித்த ஆவணங்கள்" என்பது ஒன்று. ஓய்வறையில் ஒருவர், "வரவே இல்லைன்னு எழுதுங்க, அதுதான் நமக்குப் பலம்" என்றார். அவர் சொன்னதில் சட்டம் இருக்கிறது. மாடர்ன் இன்சுலேட்டர்ஸ் நிறுவனம் ஓரியண்டல் இன்சூரன்ஸ் மேல் தொடுத்த வழக்கில், விலக்கு விதிகள் பாலிசிதாரருக்குத் தரப்படவில்லை என்றால் அவற்றைக் காட்டிப் பணம் மறுக்க முடியாது என 2000ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் இவருக்கு வந்திருந்தது, பெட்டியில் வைத்ததை அவரே சொன்னார். தபால் சென்றதற்கோ மின்னஞ்சல் சென்றதற்கோ நிறுவனத்திடம் பதிவு இருக்கும். நாம் ஒரு பொய் எழுதி அது உடைந்தால், சர்க்கரை பற்றி நாம் சொல்லும் உண்மையையும் நம்பமாட்டார்கள். உண்மையிலேயே வராதவர்கள் வரவில்லை என்றே எழுத வேண்டும்; தொலைத்தவர்கள் தொலைந்தது என்றே எழுத வேண்டும். இரண்டும் வேறு.

கடைசி வாக்கியம் இரண்டாவது. "இல்லை" என்பதும் ஒரு பதில்தான். நோயை மறைத்தீர்கள் என்று சொல்லும் நிறுவனம் அதற்கு ஆதாரமான படிவத்தைக் காட்ட வேண்டியிருக்கும். படிவமே எங்களிடம் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு அந்த வாதத்தைத் தொடர்வது கடினம்.

பன்னிரண்டாம் நாள் மின்னஞ்சலில் பதில் வந்தது. படிவம் வந்திருந்தது. அவர் ஆவலோடு அச்செடுத்துக் கொண்டுவந்தார். பெயர், முகவரி, உயரம், எடை, வாரிசுதாரர், கையெழுத்து எல்லாம் இருந்தன. நோய் விவரக் கேள்விகளைக் காணவில்லை. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பொடியாகப் பக்க எண் இருந்தது. "4இல் 1", "4இல் 2", அடுத்தது "4இல் 4". மூன்றாம் பக்கம் இல்லை. வேண்டுமென்றே விட்டார்கள் என்று நான் சொல்லமாட்டேன். வருடியில் இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு போயிருக்கலாம். விடைத்தாள் கட்டில் கூடுதல் தாளை எண்ணிப் பார்க்கும் பழக்கம் நமக்கு இருப்பதால் கண்ணில் பட்டது. அதே மின்னஞ்சலுக்குப் பதிலாக இரண்டே வரி எழுதினோம்: நான்கு பக்கப் படிவத்தில் மூன்றாம் பக்கம் இணைக்கப்படவில்லை, அனுப்பவும்.

நான்கு நாளில் அது வந்தது. சர்க்கரை நோய் உண்டா என்ற கேள்விக்கு எதிரே ஏஜென்ட்டின் கையெழுத்தில் "ஆம், 2017 முதல், மாத்திரை" என்று இருந்தது. மருத்துவமனைக் குறிப்பில் எட்டு ஆண்டு என்று இருந்ததும் அதையே காட்டியது. அந்தப் பக்கத்தை இணைத்து வினாக் கடிதத்துக்குப் பதில் அனுப்பினார். அவருடைய அம்மா என்னிடம், "நான் அப்பவே சொன்னேன் டீச்சரம்மா, எனக்குச் சீனி வியாதின்னு எழுதச் சொல்லி" என்றார். அவர் சொன்னதுதான் காப்பாற்றியது. 'இல்லை' என்று எழுதப்பட்டிருந்தால் இந்தக் கட்டுரை வேறு மாதிரி முடிந்திருக்கும் என்பதையும் மறைக்கவில்லை. படிவத்தைக் கேட்பது உண்மையை வெளியே கொண்டுவரும். அது எப்போதும் நம் பக்கம் இருக்கும் என்று உறுதியில்லை.

மார்ச்சில் பணம் வந்தது: 72,000 ரூபாய். 24,000 ஏன் குறைந்தது என்று பார்த்தால், அறை வாடகை வரம்பு என்று ஒரு வரி. இங்கேதான் விதிமுறைத் தொகுப்பு வேலைக்கு வந்தது. அவருடைய பாலிசியில் அறை வாடகை நாளொன்றுக்குக் காப்புத் தொகையில் ஒரு விழுக்காடு, அதாவது 3,000 ரூபாய். அம்மா தங்கியது 4,000 ரூபாய் அறையில், நான்கு நாள். வரம்பை மீறிய அறையில் தங்கினால், அறையோடு சேர்ந்து கூடும் மற்றக் கட்டணங்களையும் அதே விகிதத்தில் குறைப்பார்கள். 4,000க்கு 3,000 என்றால் நான்கில் மூன்று பங்கு. அவர்கள் மொத்த 96,000க்கும் நான்கில் மூன்று பங்கு கணக்கிட்டிருந்தார்கள்.

ஆனால் விதிமுறையின் அதே பிரிவில், மருந்துகள், பரிசோதனைகள் ஆகியவற்றுக்கு இந்தக் குறைப்பு பொருந்தாது என்று தெளிவாக அச்சாகியிருந்தது. பில்லில் மருந்தும் பரிசோதனையும் 36,000. மீதி 60,000 அறை வாடகையும் மருத்துவர், அறுவை அரங்கக் கட்டணங்களும். 60,000இல் நான்கில் மூன்று 45,000. அதோடு 36,000 முழுமையாகச் சேர்த்தால் 81,000 வர வேண்டும். குறைவாக வந்தது 9,000. பிரிவு எண்ணையும் இந்தக் கணக்கையும் எழுதி மூன்றாவது கடிதம் போனது. ஏப்ரலில் 9,000 ரூபாய் கணக்கில் ஏறியது. விளம்பரத் தாளை வைத்துக்கொண்டு இந்தக் கணக்கைப் போட்டிருக்கவே முடியாது.

எங்களுக்குத் தேவைப்படாத படிகளையும் சொல்லிவிடுகிறேன். குறைதீர் அலுவலர் இரண்டு வாரத்தில் தீர்க்காவிட்டால் ஒழுங்குமுறை ஆணையத்தின் 'பீமா பரோசா' தளத்தில் புகார் பதியலாம். ஒரு மாதம் ஆகியும் பதில் இல்லை அல்லது பதில் சரியில்லை என்றால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். நமக்கு அந்த அலுவலகம் சென்னையில். கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை. நிறுவனத்துக்கு நாம் எழுதிய கடிதத்தின் நகல் இருந்தால்தான் அங்கே ஏற்பார்கள். கிளையில் முத்திரை வாங்கியது இதற்காகத்தான். எல்.ஐ.சி. போன்ற பொதுத்துறை நிறுவனமாக இருந்தால் இன்னொரு வழியும் உண்டு: பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி தம் சொந்த முன்மொழிவுப் படிவத்தைக் கேட்கலாம், 30 நாளில் பதில் தர வேண்டும். தனியார் நிறுவனத்துக்கு இது பொருந்தாது.

நம் ஊர்ப் பெற்றோர் பலர் தமிழில் கையெழுத்திடுவார்கள், சிலர் கைநாட்டு வைப்பார்கள். அப்படிப்பட்ட படிவத்தில், விவரங்களை அவர்களுக்குப் புரியும் மொழியில் விளக்கிச் சொன்னேன் என்று இன்னொருவர் கையெழுத்திடும் இடம் ஒன்று இருக்கும். டீச்சர், ஒரு கையெழுத்து என்று அதை நம்மிடம்தான் நீட்டுவார்கள். இப்போதெல்லாம் நான் நோய் விவரப் பக்கத்தை வாசித்துக் காட்டிவிட்டு, அவர்களுடைய கைப்பேசியிலேயே எல்லாப் பக்கங்களையும் படமெடுத்துக் கொடுத்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறேன். அறிவியல் ஆசிரியர் வீட்டில் அந்தத் தகரப் பெட்டி இப்போது பரணில் இருக்கிறது.